பாஸ்போபாக்டீரியா பாக்கெட்டில் உயிருள்ள நுண்ணுயிர் எத்தனை?

கேள்வி: ஐயா, எங்கள் உழவர் உற்பத்தியாளர் குழு மக்காச்சோளத்துக்காக லிக்னைட் தூளில் கலந்த பாஸ்போபாக்டீரியா வாங்கியது. அருகிலுள்ள கல்லூரி ஆய்வகத்தில் சோதித்தோம். 10 கிராம் தூளை 90 மில்லி நீரில் கலந்து, படிப்படியாகப் பத்து மடங்கு நீர்த்து, ஒவ்வொரு குழாயிலிருந்தும் 0.1 மில்லி எடுத்துத் தட்டில் பரப்பினோம். 10⁻⁴ குழாய்த் தட்டுகள் நெரிசல். ஒன்றை மட்டும் பொறுமையாக எண்ணியதில் 640. 10⁻⁵ குழாயில் 168, 181, 155. 10⁻⁶ குழாயில் 21, 12, 17. 168-ஐ 10⁵ ஆல் பெருக்கினால் கிராமுக்கு 1.68 கோடிதான் வருகிறது. 5 கோடி இருக்க வேண்டுமாமே, சரக்கைத் திருப்பி அனுப்பலாமா? எந்தத் தட்டைக் கணக்கில் எடுப்பது? (பெரம்பலூர் மாவட்டம்)

பதில்: திருப்பி அனுப்ப வேண்டாம். உங்கள் தட்டுகள் நன்றாகவே வந்திருக்கின்றன. கணக்கில்தான் ஒரு பத்து மடங்கு விடுபட்டுப் போயிற்று.

தட்டில் பரப்பியது 0.1 மில்லி. அதாவது அந்த 168 காலனிகளும் ஒரு மில்லியின் பத்தில் ஒரு பங்கிலிருந்து வந்தவை. குழாயின் நீர்ப்பு 10⁻⁵ என்றாலும் தட்டைப் பொறுத்தவரை அது 10⁻⁶. ஆகவே கணக்கு இப்படி வர வேண்டும்:

```
168 × 10⁵ ÷ 0.1 = 1.68 × 10⁸
```

கிராமுக்கு ஏறத்தாழ 17 கோடி. தூள் வடிவ பாஸ்போபாக்டீரியாவுக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணை, 1985 கேட்பது கிராமுக்குக் குறைந்தது 5 கோடி. இந்தத் தவறு ஆய்வகங்களில் அடிக்கடி நடக்கிறது. தட்டின் அடியில் குழாயின் எண்ணை மட்டும் எழுதாமல் "10⁻⁵, 0.1 மி.லி." என்று இரண்டையும் எழுதும் வழக்கம் வந்துவிட்டால் இது நேராது.

அடுத்து, தட்டுத் தேர்வு. 30 முதல் 300 காலனி வரை உள்ள தட்டுகளையே எண்ணத் தக்கவை என்கிறோம். இந்த வரம்புக்குக் காரணம் உங்கள் எண்களிலேயே தெரிகிறது. நெரிசல் தட்டில் 640 எண்ணினீர்கள். அதை அப்படியே கணக்கிட்டால் கிராமுக்கு 6.4 கோடிதான் வரும். 10⁻⁵ குழாயில் 168 என்றால் 10⁻⁴ குழாயில் 1,680 அளவில் இருந்திருக்க வேண்டும். மீதி எங்கே போயின? அடுத்தடுத்து முளைத்தவை ஒட்டிக்கொண்டு ஒரே காலனியாகத் தெரிகின்றன. உணவுக்குப் போட்டியிட்டுப் பல கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்வதே இல்லை. எவ்வளவு பொறுமையாக எண்ணினாலும் அந்தத் தட்டு குறைத்தே சொல்லும்.

மறுமுனையில் உள்ள சிக்கல் வேறு. 0.1 மில்லித் துளியில் எத்தனை உயிரிகள் ஏறி வருகின்றன என்பது ஓரளவு தற்செயல். 17 காலனி உள்ள தட்டில் அந்தத் தற்செயலால் மட்டும் 4 கூடலாம் அல்லது குறையலாம். அது ஏறக்குறைய கால் பங்கு. 168 உள்ள தட்டில் அதே ஊசலாட்டம் 13, எட்டு விழுக்காடுதான். 21, 12, 17 என்று உங்கள் எண்கள் சிதறியிருப்பது இதனால்தான், கைத்தவறு அல்ல. அவற்றைச் சராசரியில் சேர்க்காதீர்கள்; ஆனால் தூக்கியும் எறியாதீர்கள். அவற்றின் சராசரி ஏறத்தாழ 17. 168-க்குப் பத்தில் ஒன்றாக அது இறங்கியிருப்பதே உங்கள் நீர்த்தல் சரியாக நடந்ததற்குச் சாட்சி. அங்கே 60 வந்திருந்தால், ஒரே பிப்பெட் முனையை எல்லாக் குழாய்களுக்கும் பயன்படுத்தினார்களா, குழாயைக் குலுக்காமல் எடுத்தார்களா என்று கேட்டிருப்பேன்.

ஒரு நீர்ப்பைத் தேர்ந்த பிறகு அதன் மூன்று தட்டுகளையும் சேர்த்தே சராசரி எடுங்கள். 181 கூடுதலாகத் தோன்றுகிறது என்று அதை மட்டும் விலக்குவது தவறு. பூஞ்சை விழுந்த தட்டையும், ஒரே காலனி படர்ந்து பாதித் தட்டை மூடியதையும் விலக்கலாம். பாசில்லஸ் வகையில் இப்படிப் படர்வது உண்டு. பரப்பும் முன் அகரின் மேற்பரப்பு ஈரமில்லாமல் உலர்ந்திருந்தால் குறையும்.

பாஸ்போபாக்டீரியாவுக்கு இன்னொன்றும் பார்க்க வேண்டும். பிக்கோவ்ஸ்காயா அகரில் கரையாத கால்சியம் பாஸ்பேட் இருப்பதால் தட்டு பால்போல் மங்கலாக இருக்கும். மணிச்சத்தைக் கரைக்கும் காலனியைச் சுற்றித் தெளிந்த வளையம் விழும். உங்கள் 168-இல் வளையம் உள்ளவை எத்தனை என்று நீங்கள் எழுதவில்லை. பாதிக்கு வளையமே இல்லையென்றால் 17 கோடி என்ற எண்ணை அப்படியே நம்ப முடியாது. வளையம் உள்ளவற்றைத் தனியே எண்ணி அந்த எண்ணைக் கொண்டு கணக்கிடுங்கள். வளையம் துலங்க 28 முதல் 30 டிகிரி வெப்பத்தில் சில நாட்கள் ஆகும், முதல் நாளே முடிவுகட்ட வேண்டாம். லிக்னைட் துகளைக் காலனி என்று எண்ணிவிடவும் கூடும். கரும்புள்ளிகளைக் கைக்கண்ணாடியில் பாருங்கள்.

தூளில் நுண்ணுயிர்கள் துகளோடு ஒட்டியிருப்பதால், முதல் 90 மில்லிக் குடுவையை அரை மணி நேரம் நன்றாகக் குலுக்கிய பிறகே அடுத்த குழாய்க்குப் போக வேண்டும். ஒட்டியபடியே பத்து உயிரி விழுந்தாலும் தட்டில் ஒரு காலனிதான் எழும். அடுத்த சோதனைக்கு ஒரே பாக்கெட்டை நம்பாமல் வெவ்வேறு பெட்டிகளிலிருந்து சில பாக்கெட்டுகளை எடுங்கள். நீர்க்கப் பயன்படுத்திய நீரை மட்டும் பரப்பிய ஒரு வெற்றுத் தட்டையும் கூடவே வையுங்கள். அதில் காலனி முளைத்தால் அன்றைய எண்ணிக்கை முழுவதையும் விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும்.