நிகர லாபம் மாறவில்லை, ஆனால் கடை மாறிவிட்டது

கேள்வி: எங்கள் மளிகைக் கடைக்குக் கணக்கர் ஒற்றைப் படி முறையில்தான் வருமான அறிக்கை போட்டுத் தருகிறார். வங்கியில் கடன் கேட்டால் பல படி அறிக்கை வேண்டும் என்கிறார்கள். கடைசியில் வரும் நிகர லாபம் இரண்டிலும் ஒன்றுதானே, அப்புறம் எதற்கு இந்த வேலை?

ஒன்றுதான். எப்படிப் போட்டாலும் கடைசி வரி ஒரு காசு கூட மாறாது. வங்கிக்காரர் பார்க்க விரும்புவது அதற்கு மேலே இருக்கும் வரிகளை.

நான் சுங்கை சிப்புட்டில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். எஸ்டேட் போகும் சாலையில் கணவனும் மனைவியும் நடத்தும் ஒரு மளிகைக் கடையின் இரண்டு வருடக் கணக்கை, எண்களை வட்டமாக்கிச் சொல்கிறேன். ஒற்றைப் படியில் போட்டால் முதல் வருடம் மொத்த வருமானம் 600,000 வெள்ளி, மொத்தச் செலவு 556,000, லாபம் 44,000. அடுத்த வருடம் வருமானம் 658,000, செலவு 614,000, லாபம் அதே 44,000. "வியாபாரம் ஏறியிருக்கு, லாபமும் குறையல, போதும்" என்றார் கடைக்காரர். இந்த அறிக்கையை மட்டும் பார்த்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அதே எண்களைப் படிப்படியாகப் பிரித்தால் இப்படி வரும்:

விற்பனை: 600,000, பிறகு 640,000
விற்ற சரக்கின் அடக்கவிலை: 480,000, பிறகு 531,200
மொத்த லாபம்: 120,000, பிறகு 108,800
கடை நடத்தும் செலவு: 72,000, பிறகு 80,000
செயல்பாட்டு லாபம்: 48,000, பிறகு 28,800
பிற வருமானம்: இல்லை, பிறகு 18,000
கடன் வட்டி: 4,000, பிறகு 2,800
நிகர லாபம்: 44,000, பிறகு 44,000

முதலில் மொத்த லாபத்தைப் பாருங்கள். விற்பனை 40,000 வெள்ளி கூடியிருக்கிறது, மொத்த லாபம் 11,200 குறைந்திருக்கிறது. முன்பு நூறு வெள்ளிக்கு விற்றால் 20 வெள்ளி நின்றது, இப்போது 17தான் நிற்கிறது. மொத்த லாபம் பேசுவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதை மட்டும்தான். வாடகை, கரண்ட் பில், சம்பளம் எதுவும் அதற்குள் வராது. ஆகவே அது சரிந்தால் காரணத்தை அலமாரியிலும் கொள்முதல் பில்லிலும் தேட வேண்டும்.

தேடினோம். டின்பால் ஒன்றின் வாங்கும் விலை 3.20இலிருந்து 3.50 ஆகியிருந்தது, அலமாரியில் அதே பழைய 4 வெள்ளி ஸ்டிக்கர். 80 காசு நின்ற இடத்தில் 50 காசு. இப்படிப் பல சாமான். இன்னொரு காரணம், கூடிய வியாபாரத்தில் பெரும்பங்கு சீனியும் பாக்கெட் எண்ணெயும். அவை அரசாங்கம் விலை கட்டிவைத்த சாமான்கள், எவ்வளவு விற்றாலும் மிச்சம் கொஞ்சம்தான். மூன்றாவது, வீட்டுச் சமையலுக்குக் கடையிலிருந்து போகும் அரிசி பருப்பை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதினால் அது முதலாளி சொந்தத்துக்கு எடுத்த கணக்கில் போகும். எழுதாவிட்டால் விற்ற சரக்கின் அடக்கவிலையிலேயே ஏறி, மொத்த லாபத்தைச் சத்தமில்லாமல் தின்றுவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மொத்த லாபம் முழுக்க முழுக்க வருடக் கடைசி இருப்பை நம்பி நிற்கிறது. டிசம்பர் 31 அன்று பின்கட்டில் கிடந்த 5,000 வெள்ளிச் சரக்கை எண்ண மறந்தால் இந்த வருட லாபம் 5,000 குறையும், அடுத்த வருடம் அதே 5,000 கூடும். ஒரு வருடம் திடீரென்று சரிந்து மறுவருடம் தானாகவே நிமிர்ந்தால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது இருப்புக் கணக்கின் மேல்தான். அதேபோல ஈப்போவிலிருந்து சரக்கு ஏற்றி வரும் லாரிக் கூலி அடக்கவிலையில் சேர வேண்டும். லயத்து வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேன் பெட்ரோல் கடை நடத்தும் செலவு. ஒரு வருடம் அங்கே, மறுவருடம் இங்கே என்று மாற்றிப் போட்டால் நிகர லாபம் அசையாது, ஆனால் மொத்த லாபத்தை ஒப்பிடவே முடியாது.

அடுத்த வரி செயல்பாட்டு லாபம். 48,000 இருந்தது 28,800 ஆகிவிட்டது. மொத்த லாபம் குறைந்தது 11,200, செலவு ஏறியது 8,000. செலவில் பெரும்பகுதி இரண்டு கடைப் பையன்களின் சம்பளம். 1,500இலிருந்து 1,700 ஆனபோது, முதலாளி கட்டும் 13 விழுக்காடு சேமநிதியோடு சேர்த்து வருடத்துக்கு 5,424 வெள்ளி கூடியது. சம்பளம் வரும்வரை கடன் வாங்கிப்போய் எஸ்டேட்டை விட்டே போனவர்களின் வாராக் கடனும் இந்தச் செலவில்தான் உட்காரும்.

வங்கி உற்றுப் பார்ப்பது இந்த வரியை. கடையை யாருடைய பணத்தில் நடத்தினாலும், கடை தன் சொந்த உழைப்பில் என்ன தருகிறது என்பது இங்கேதான் தெரியும். கடன் தவணை அதிலிருந்துதான் வர வேண்டும். தவணையில் வட்டிப் பகுதி மட்டுமே வருமான அறிக்கையில் ஏறும், அசல் திருப்புவது ஏறாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சரி, பிறகு எப்படி 44,000? அந்த 18,000 வெள்ளியில் 6,000 மாடி அறை வாடகை. மீதி 12,000 பழைய வேனை விற்ற லாபம். கணக்கில் 3,000 மதிப்பில் இருந்த வேன் 15,000க்குப் போனது. அறை வாடகை அடுத்த வருடமும் வரும். வேனை இன்னொரு தடவை விற்க முடியாது. அதை எடுத்துவிட்டுப் பார்த்தால் நிகர லாபம் 32,000. ஒற்றைப் படி அறிக்கையில் வேனும் வெங்காயமும் ஒரே வரியில் கலந்து கிடந்தன.

நிகர லாபம் பயனற்றது என்று சொல்லவில்லை. எல்லாம் போக முதலாளிக்கு மிஞ்சுவது அதுதான். ஆனால் தனியுரிமைக் கடையில் முதலாளியின் சம்பளம் செலவாக எழுதப்படுவதில்லை, அவருடைய வருமான வரியும் இதில் கழிவதில்லை. இந்தக் கடையின் செயல்பாட்டு லாபம் மாதத்துக்கு 2,400. காலை முதல் இரவு வரை நிற்கும் கணவன் மனைவி இருவருக்கும் பிரித்தால் ஆளுக்கு 1,200. அவர்களிடம் வேலை செய்யும் பையன் வாங்குவது 1,700. இதைச் சொன்ன பிறகுதான் அந்த அக்கா ஸ்டிக்கர் துப்பாக்கியைக் கையில் எடுத்தார்.

டியூஷன் நடத்துபவருக்கோ கூலிக்குத் தைப்பவருக்கோ ஒற்றைப் படியே போதும், விற்கச் சரக்கு இல்லாத இடத்தில் மொத்த லாபத்துக்குப் பெரிய வேலை இல்லை. உங்களுடையது மளிகைக் கடை. கணக்கருக்கும் இது புது வேலை இல்லை. வருமான வரிக்கு நிரப்பும் பாரம் B-யிலேயே விற்பனை, தொடக்க இருப்பு, கொள்முதல், கடைசி இருப்பு, மொத்த லாபம் எல்லாம் தனித்தனியாகக் கேட்கிறார்கள், ஆகவே எண்கள் அவரிடம் இருக்கும். போன வருடத்தையும் பக்கத்தில் வைத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஒரு வருடத்தை மட்டும் வைத்துக்கொண்டு 17 விழுக்காடு நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது.