பர்ஸ் கிடைத்ததாம், பணம் முதலில் வேண்டுமாம்

கேள்வி: தொலைந்த என் பர்ஸைப் பற்றி இணையத்தில் அறிவித்து, 'தக்க சன்மானம் உண்டு' என்றும் எழுதியிருந்தேன். ஒருவர் அழைத்து, அது தன்னிடம் இருப்பதாகவும், சன்மானமும் கொரியர் கட்டணமும் முதலில் வந்தால்தான் அனுப்புவேன், அதுவரை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது என்றும் சொல்கிறார். கொடுக்க வேண்டுமா?

பதில்: அவர் சொல்வதில் பாதி உண்மை. அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 168-ன்படி, பொருளைப் பாதுகாக்கவும் உரியவரைத் தேடவும் செய்த செலவு கைக்கு வரும்வரை, கண்டெடுத்தவர் அதைத் தன்னிடமே வைத்திருக்கலாம். ஆனால் அந்தச் செலவுக்காக வழக்குப் போட முடியாது. குறிப்பிட்ட சன்மானத்தை உரியவர் அறிவித்திருந்தால் மட்டுமே அதைக் கேட்டு வழக்குத் தொடுக்கலாம். தொகை சொல்லாத உங்கள் 'தக்க சன்மானம்' அதற்குப் போதுமா என்பதே வாதத்துக்குரியது. ஜப்பானில் சட்டமே பொருளின் மதிப்பில் 5 முதல் 20 சதவீதம் வரை சன்மானம் தருகிறது. அங்கேயும் அது பொருளைத் திரும்பப் பெறுபவர் தர வேண்டியதுதான்.

இந்த உரிமை எல்லாம் பொருளைக் கையில் வைத்திருப்பவருக்குத்தான். உங்களை அழைத்தவரிடம் இதுவரை இருப்பது ஒரு குரல் மட்டும். பொருளைப் பிடித்துவைக்கும் உரிமை என்றால், ஒரு கையில் பணம், மறு கையில் பர்ஸ் என்று பொருள். பர்ஸை நீங்கள் பார்ப்பதற்கு முன்பே பணம் அனுப்பும் கடமையை அது உங்கள் மேல் சுமத்தவில்லை.

எனவே முதலில் சோதியுங்கள். அறிவிப்பில் 'பழுப்பு நிறத் தோல், இரண்டு வங்கி அட்டைகள்' என்று எழுதியிருந்தால், மோசடிக்காரர் அதையே உங்களிடம் திருப்பிச் சொல்வார். அதில் எழுதாத ஒன்றைக் கேளுங்கள்: உள்பையில் என்ன இருக்கிறது? தையல் எங்கே பிரிந்திருக்கிறது? நீங்களே விடையை எடுத்துக்கொடுத்துவிடாதீர்கள். தன் தரப்புச் சாட்சியை விசாரிக்கும் வழக்கறிஞருக்கே பொதுவாக அதற்கு அனுமதி இல்லை. புகைப்படம் அனுப்பினால், அது உங்கள் அறிவிப்புப் படத்தின் வெட்டிய துண்டா என்று பாருங்கள்.

சரியான விடை வந்தால், காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லுங்கள், அல்லது அங்கேயே சந்தித்துப் பணத்தைக் கொடுங்கள். தொலைவில் இருக்கிறார் என்றால், பெறுபவர் கட்டணம் செலுத்தும் முறையில் அனுப்பலாம். ஆனால் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது திறந்தால்தான் தெரியும். நேர்மையானவருக்கு இவற்றில் எந்த நட்டமும் இல்லை. மறுத்து, 'இன்றே அனுப்புங்கள்' என்று அவசரப்படுத்தினால் பேச்சை முடித்துவிடுங்கள். ஒருமுறை கொடுத்தால் அடுத்து காப்பீட்டுக் கட்டணம் என்று ஒன்று முளைக்கும்.

தொலைந்தது கைப்பேசியாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. பணம் கேட்காமல், திரைப்பூட்டின் எண்ணையோ, கணக்கிலிருந்து கருவியை நீக்குவதையோ கேட்டால் இரண்டுக்கும் மறுங்கள். பூட்டிய கருவி விலைபோகாது, நீக்கினால் விற்றுவிடலாம்.

ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால், இந்தப் பதிலை முழுதும் படிப்பதற்குள் வங்கியை அழைத்திருக்க வேண்டும். குறுஞ்செய்திகளை அழிக்காமல், பரிவர்த்தனை எண்ணுடன் காவல்துறையில் புகார் கொடுங்கள். பர்ஸ் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்த இரண்டு அட்டைகளையும் முடக்கிவிடுங்கள்.