ஓய்வு பெறும் சேருக்குப் பாடத்திட்டத்தை வைத்து மூன்று நிமிடம்

"எங்கட நீர்ப்பாசனப் பாட சேர் ஓய்வு பெறுகிறார். பற்ச் ரெப் என்று என்னைப் பேசச் சொல்லியிருக்கினம். மூன்று நிமிடம்தான். பாடத்திட்டத்தின் வழியே பேசலாம் என்று யோசனை. எப்படி அமைக்கலாம்? (கிளிநொச்சி)"

முதலாம் அலகிலிருந்து கடைசி அலகு வரை வரிசையாகச் சொல்லப் போகாதீர்கள். அது விரிவுரை அட்டவணையாகிவிடும்; பாடம் படிக்காத விருந்தினர் இரண்டாம் அலகிலேயே கைபேசியை எடுத்துவிடுவார்கள். மூன்று நிமிடத்துக்கு 250 சொல் தாராளம். அதற்குள் மூன்று அலகுதான் அடங்கும். நீர்ப்பாசனத்தில் அந்த மூன்றும் தண்ணீர் போகும் வழியிலேயே கிடைக்கின்றன: மண் எவ்வளவு நீரைப் பிடித்துவைத்திருக்கிறது, நீர் எவ்வளவு வேகமாக மண்ணுக்குள் இறங்குகிறது, குளத்து நீரை யாருக்கு எப்போது விடுவது.

எந்த அலகை எடுப்பது என்று முடிவு செய்ய, பற்ச் முழுக்கப் பிழைவிட்டு அவர் திருத்திய இடத்தைத் தேடுங்கள். மண் ஈரப்பதன் செய்முறை பெரும்பாலும் பொருந்தும். ஈர மண்ணை நிறுத்து, 105 பாகை செல்சியஸில் 24 மணித்தியாலம் உலர்த்தி, மறுபடி நிறுக்கிறோம். 120 கிராம் 100 கிராமாக வந்தால் இழந்த நீர் 20 கிராம். அதை உலர்ந்த நிறையால் வகுக்க வேண்டும், விடை 20 சதவீதம். ஈர நிறையால் வகுத்தால் ஏறத்தாழ 16.7 வரும். இந்தப் பிழையை விடாத பற்ச் அரிது. பேச்சில் இப்படி வரலாம்:

"சேர், பாடத்திட்டத்தில் மண் ஈரப்பதன் ஒரே ஒரு வரி. அந்த வரிக்காக நாங்கள் சூளையைத் திறந்து மூடினோம், தராசைப் பார்த்து எழுதினோம், கடைசியில் ஈர நிறையால் வகுத்தோம். நீங்கள் விடையை வெட்டவில்லை. 'மண் தன் எடைக்கு எவ்வளவு தண்ணீர் வைத்திருக்கிறது என்றுதானே கேட்டேன், தண்ணீர் சேர்ந்த எடைக்கா கேட்டேன்?' என்று கேட்டீர்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு எங்களில் யாரும் அதைப் பிழையாகச் செய்யவில்லை."

மேற்கோளுக்குள் இருப்பது மாதிரிக்கு நான் எழுதியது. உங்கள் சேர் உண்மையில் சொன்னதை அந்த இடத்தில் போடுங்கள். சொல்லாததை அவர் வாயில் வைத்தால் முன்வரிசையில் இருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவதற்கு, நீர் மண்ணுக்குள் இறங்கும் வேகத்தை அளக்கும் இரட்டை வளையப் பரிசோதனை. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையங்களை மண்ணில் அடித்து நீர் ஊற்றுகிறோம். வெளி வளையத்து நீர் பக்கவாட்டாகவும் ஊறும். அதனால் உள் வளையத்து நீர் நேரே கீழே இறங்கும், அளவும் உள்ளேதான். வெளி வளையத்தை வற்ற விட்டால் வாசிப்பு கூடிப்போகும். காய்ந்த வன்னிச் செம்மண்ணில் வளையத்தைச் சரித்து அடித்தாலும் ஓரத்தில் வெடிப்பு விழுந்து அதேதான் நடக்கும். இதை விளக்கப் புறப்படாமல், வெயிலில் வளையத்தை நேராக நிறுத்தச் சொல்லி அவர் நின்றதை இரண்டு வசனத்தில் சொல்லுங்கள்.

கடைசிக்கு நீர்ப்பங்கீடு. இரணைமடுவில் சிறுபோகத்துக்கு எவ்வளவு நிலம் விதைப்பது என்பது குளத்து நீரைப் பார்த்துக் கூட்டத்தில் தீர்மானிக்கப்படுகிறது. பாடத்திட்டத்தின் கணக்கு வாய்க்கால் வரைக்கும் போகும் இடம் அதுதான். சபையில் இருக்கும் பெற்றோருக்கும் விளங்கும் இடமும் அதுதான்.

"பிரியாவிடையில் பாடம் நடத்துகிறான்" என்று சிலர் சொல்லக்கூடும். சொல்லட்டும். தந்தை போன்றவர், மெழுகுவர்த்தி போன்றவர் என்ற பேச்சு எந்த சேருக்கும் பொருந்தும். உலர் நிறை விஷயம் இவருக்கு மட்டும்தான் பொருந்தும்.

விளிப்புக்கு ஒரே வசனம் போதும். அதிதிகள் பெயரெல்லாம் நிகழ்ச்சித் தொகுப்பாளர் சொல்லிவிடுவார். நீங்களும் சொன்னால் ஒரு நிமிடம் போய்விடும். பற்சில் சிங்கள மாணவர்கள் இருந்தால், கடைசி நன்றி வசனத்தை அவர்களில் ஒருவர் தங்கள் மொழியில் சொல்ல இடம் விடுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அன்பளிப்புக்குக் காசு கட்டாதவர்களின் பெயரை வட்ஸ்அப் குழுவில் போடும் வழக்கத்தை ரெப்மார் விட வேண்டும். துணுக்காயிலிருந்தோ புதுக்குடியிருப்பிலிருந்தோ வந்து வாடகை அறையில் இருக்கும் பிள்ளைக்கு ஐந்நூறு ரூபாயும் சாப்பாட்டுக் காசு. முடிந்ததைத் தாருங்கள் என்று ஓர் உறையைச் சுற்றவிடுங்கள், யார் எவ்வளவு என்று எழுத வேண்டாம். மேடையில் அன்பளிப்பைக் கொடுக்கும்போது "முழுப் பற்சின் சார்பில்" என்று மட்டும் சொல்லுங்கள்.