38 வாழ்த்து வீடியோக்கள், 10 நிமிடம்: பணி நிறைவு விழாவுக்கு எப்படி வெட்டி ஒட்டுவது?

"எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளியின் இயற்பியல் ஆசிரியை இந்த மாத இறுதியில் பணி நிறைவு பெறுகிறார். சக ஆசிரியர்கள், பழைய மாணவர்கள் என்று 38 பேர் வாட்ஸாப்பில் வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். எல்லாம் சேர்ந்து 1 மணி 10 நிமிடம் வருகிறது. விழாவில் எங்களுக்குக் கொடுத்திருப்பது 10 நிமிடம். முக்கால்வாசிப் பேர் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள், ஆனால் யாரை விட்டாலும் மனஸ்தாபம். பாதி வீடியோ செங்குத்தாக இருக்கிறது, சிலர் குரல் கேட்கவே இல்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?"

யாரையும் விட வேண்டாம். ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு நேரம் கொடுக்கவும் வேண்டாம். 10 நிமிடம் என்பது 600 வினாடி. தலைப்புக்கும் பழைய புகைப்படங்களுக்கும் ஒரு நிமிடம் போனால் மிச்சம் 540 வினாடி, ஆளுக்கு 14 வினாடி வருகிறது. பலரும் இந்தக் கணக்கைப் போட்டு, ஒவ்வொரு வீடியோவிலும் முதல் 14 வினாடியை எடுத்து வரிசையாக ஒட்டிவிடுவார்கள். அந்த முதல் 14 வினாடியில் என்ன இருக்கும்? "அனைவருக்கும் வணக்கம், என் பெயர் இன்னது, நான் இந்தப் பள்ளியில் இத்தனை வருடம்..." அவ்வளவுதான். 38 சுய அறிமுகங்களை உட்கார்ந்து பார்க்க அரங்கில் யாருக்கும் பொறுமை இருக்காது.

எடிட்டிங் ஆப்பைத் திறப்பதற்கு முன்னால் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, பெயர் மாற்றுவது. ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸாப் வீடியோக்கள் VID-20250412-WA0007.mp4 என்கிற மாதிரிதான் சேமிக்கப்படும். அனுப்பியவர் பெயர் அதில் இருக்காது. யார் அனுப்பியது என்று இன்றைக்கு ஞாபகம் இருக்கும், விழாவுக்கு முந்தின ராத்திரி இருக்காது. அதனால் ஒவ்வொரு கோப்புக்கும் ஆளின் பெயரையும், ஆசிரியையை அவர் முதலில் சந்தித்த வருடத்தையும் இப்போதே வைத்துவிடுங்கள். வருடம் எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு எல்லா வீடியோவையும் ஒருமுறை முழுதாகக் கேட்பது. 70 நிமிடம்தான், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். ஒவ்வொருவரும் ஆசிரியையைப் பற்றி நடந்த சம்பவமாக எதையாவது சொல்கிறாரா, எந்த நிமிடத்தில் சொல்கிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். "அன்பானவர், பண்பானவர், கடமை தவறாதவர்" என்பதெல்லாம் நோட்டில் ஏற வேண்டாம். முடிக்கும்போது வீடியோக்கள் தானாகவே மூன்று கூடையாகப் பிரிந்திருக்கும். சம்பவம் சொன்னவர்கள் ஒரு 10 பேர், சொந்தமாக ஒரு வரியாவது சொன்னவர்கள் 14 பேர், வாழ்த்து மட்டும் சொன்னவர்கள் 14 பேர் என்று வைத்துக்கொள்வோம். முதல் கூடைக்கு ஆளுக்கு 25 வினாடி, இரண்டாவதுக்கு 12 வினாடி, மூன்றாவதுக்கு இரண்டு மூன்று வினாடி. கூட்டிப் பார்த்தால் 453 வினாடி. மிச்சமிருக்கும் 87 வினாடி, படம் மூச்சு விடுவதற்கு.

மூன்றாவது கூடைக்காரர்கள் ஒரே மாதிரி பேசுகிறார்கள் என்று கவலைப்படுகிறீர்கள். அதையே பயன்படுத்திக்கொள்ளுங்கள். 14 பேரும் "வணக்கம் டீச்சர்" என்று சொல்லும் இடத்தை மட்டும் வெட்டி அடுத்தடுத்து வையுங்கள். ஒருவர் கை கூப்புகிறார், ஒருவர் ராணுவச் சீருடையில் நிற்கிறார், ஒருவர் இடுப்பில் குழந்தையோடு, இன்னொருவர் ஏதோ பஸ் ஸ்டாண்டிலிருந்து. முக்கால் நிமிடத்துக்குள் 14 முகம் வந்துவிடும், படத்துக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. மூன்று நிமிடம் பேசி அனுப்பியவரும் தன் முகம் வந்தது என்று திருப்திப்படுவார். அவர் முழுப் பேச்சுக்கும் ஒரு வழி வைத்திருக்கிறேன், கடைசியில் வருகிறேன்.

இனி முதல் கூடை. ஒரு பழைய மாணவர் 1 நிமிடம் 50 வினாடி இப்படிப் பேசியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: "எல்லாருக்கும் வணக்கம். நான் 2011 பேட்ச். டீச்சரைப் பத்திப் பேச ஒரு நாள் போதாது. டீச்சர்னாலே எங்களுக்குப் பயம், ரொம்ப ஸ்ட்ரிக்ட். பப்ளிக் பிராக்டிகல் அன்னிக்கு நான் ரெக்கார்டு நோட்டை வீட்லயே வச்சுட்டு வந்துட்டேன். எக்ஸ்டர்னல் வந்தாச்சு. டீச்சர் என்னைத் திட்டவே இல்ல. லேப் அண்ணன் சைக்கிள் சாவியைக் கையில குடுத்து, 'ஓடு, உன்னைக் கடைசி பேட்ச்ல போடுறேன்'னாங்க. அப்படிப்பட்ட ஒரு நல்ல உள்ளம் கொண்ட டீச்சர் நீடூழி வாழ..."

வெட்டு விழ வேண்டிய இடம் "பப்ளிக் பிராக்டிகல் அன்னிக்கு". முடிய வேண்டிய இடம் "கடைசி பேட்ச்ல போடுறேன்னாங்க". வணக்கமும் பேட்சும் திரையின் கீழே பெயர்ப் பட்டையில் போய்விடும். "அப்படிப்பட்ட நல்ல உள்ளம்" வேண்டவே வேண்டாம், அதைச் சம்பவமே சொல்லிவிட்டது. கடைசிச் சொல் முடிந்ததும் அவர் முகத்தை இன்னும் ஒரு வினாடி விட்டுவையுங்கள். அரங்கம் சிரிக்கிற நேரம் அது. உடனே அடுத்தவர் பேச ஆரம்பித்தால் அவருடைய முதல் வாக்கியம் சிரிப்பில் மூழ்கிவிடும். நடுவில் ஒரு வாக்கியத்தை நீக்கினால் தலை சட்டென்று இடம் மாறித் தெரியும். அந்த இடத்தில் குரலை ஓடவிட்டு, மேலே இரண்டு வினாடி ஆய்வகப் புகைப்படம் ஒன்றை வையுங்கள். வெட்டியது யாருக்கும் தெரியாது.

யார் முதலில், யார் பிறகு என்பதுதான் ஊர்ப் பிரச்சினை. தலைமை ஆசிரியர், மூத்த ஆசிரியர்கள், இளையவர்கள், அலுவலகப் பணியாளர்கள் என்று பதவி வாரியாக வைத்தால் படம் அழைப்பிதழ் மாதிரி ஆகிவிடும். யாராவது ஒருவர் தன் பெயர் பின்னால் போனதைக் கவனிக்காமல் இருக்கவும் மாட்டார். அதற்குத்தான் வருடம் கேட்டேன். ஆசிரியையை முதலில் சந்தித்தவர் முதலில், போன வருடம் சேர்ந்தவர் கடைசியில். இந்த வரிசையோடு யாரும் சண்டை போட முடியாது. அவர் பணிக்காலமும் தானாகவே கதையாக ஓடும். பெயர்ப் பட்டையிலும் பதவியோடு நிறுத்தாமல் "ஆய்வக உதவியாளர், 1998 முதல்" என்பது போல எழுதுங்கள். சில ஆப்களில் தமிழ் எழுத்தின் கொம்பும் காலும் இடம் மாறி விழும். "கோ", "பொ" இரண்டையும் தட்டச்சு செய்து பாருங்கள். உடைந்தால், பெயர்களை வேறு ஆப்பில் எழுதிப் படமாகச் சேமித்து மேலே ஒட்டிவிடலாம்.

செங்குத்து வீடியோக்களைத் திரை நிறையப் பெரிதாக்காதீர்கள். அப்படிச் செய்தால் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது, நெற்றியும் மூக்கும்தான் தெரியும். இரண்டு பக்கமும் அதே வீடியோவை மங்கலாக ஓடவிடுவது இப்போதைய வழக்கம். எனக்கு அது பிடிப்பதில்லை. 1920 புள்ளி அகலத் திரையில் செங்குத்து வீடியோ ஏறக்குறைய 608 புள்ளிதான் எடுக்கும். அதை ஓர் ஓரமாக வைத்து, மீதி இடத்தில் அந்த வருடத்துப் பள்ளிப் புகைப்படத்தையும் பேசுபவர் பெயரையும் வையுங்கள். குறையாகத் தெரிந்த இடம் உபயோகமாகிவிடும்.

சத்தத்துக்கு வருவோம். தெளிவாகப் பேசியிருக்கும் ஒரு வீடியோவை அளவுகோலாக எடுத்து, ஹெட்போன் மாட்டி, மற்ற ஒவ்வொன்றையும் அதோடு ஒப்பிட்டு ஏற்றி இறக்குங்கள். மடிக்கணினியில் ffmpeg என்கிற வீடியோ மாற்றும் மென்பொருளில் பழக்கம் உள்ளவர் யாராவது இருந்தால், ஒவ்வொரு கோப்பையும் இந்தக் கட்டளையில் ஓட்டச் சொல்லுங்கள்:

```
ffmpeg -i in.mp4 -vf fps=30 -af loudnorm=I=-16:TP=-1.5 -ar 48000 -c:v libx264 -crf 18 -c:a aac out.mp4
```

குரல்கள் ஒரே மட்டத்துக்கு வரும். இன்னொரு தொல்லையும் இதில் தீரும். போன் வீடியோக்களில் ஒரு வினாடிக்கு இத்தனை படம் என்கிற எண்ணிக்கை நிலையாக இருக்காது. அதனால் சில எடிட்டிங் மென்பொருள்களில் ஆரம்பத்தில் சரியாக இருக்கும் உதட்டசைவு, போகப்போகக் குரலை விட்டு விலகும். மேலே உள்ள fps=30 அதை நிலைப்படுத்துகிறது.

குரல் கேட்கவே இல்லை என்றால் சத்தத்தைக் கூட்டுவதால் பயன் இல்லை, மின்விசிறி இரைச்சலும் சேர்ந்து கூடும். முதல் கூடைக்காரராக இருந்தால் மறுபடி பேசித் தரச் சொல்லுங்கள்: ஃபேனை நிறுத்தி, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, போனைக் கையெட்டும் தூரத்தில் படுக்கை வசமாக வைத்து. அனுப்பும்போது வீடியோவாக இல்லாமல் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், தரம் குறையாமல் அப்படியே வரும். மறுபடி கேட்க முடியாத பெரியவர் என்றால், அவர் சொல்வதைத் திரையில் எழுத்தாகப் போடுங்கள். பேச்சுக்குக் கீழே பின்னணி இசை வேண்டாம். எதிரொலிக்கும் அரங்கில் இரண்டும் கலந்து எதுவும் புரியாது. தொடக்க வணக்கங்களுக்கும் புகைப்படங்களுக்கும் மட்டும் இசை போதும்.

அரங்கில் நான் அடிக்கடி பார்க்கும் விபத்து ஒன்றே ஒன்று. எச்டிஎம்ஐ கேபிளைச் செருகியதும் மடிக்கணினி சத்தத்தையும் புரொஜெக்டருக்கு அனுப்பத் தொடங்கிவிடும். படம் தெரியும், குரல் புரொஜெக்டரின் சின்ன ஸ்பீக்கரில் முணுமுணுக்கும், யாராவது ஓடிப்போய் அதன் பக்கத்தில் மைக்கைப் பிடிப்பார்கள். ஒலிபெருக்கி வைப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி, மடிக்கணினியின் ஹெட்போன் துளையிலிருந்து மிக்சருக்கு ஒரு கேபிள் வாங்கிவையுங்கள். கணினியின் ஒலி அமைப்பில் வெளியீட்டை ஹெட்போனுக்கு மாற்றிவிடுங்கள். விழா பகலில் என்றால் ஜன்னல் வெளிச்சத்தில் படம் வெளிறும். அதனால் பெயர் எழுத்துகள் பெரிதாக இருக்கட்டும்.

நிகழ்ச்சி நிரலில் படத்தை ஏற்புரைக்கு முன்னால் போடுங்கள், ஒட்டினாற்போல வேண்டாம். படம் முடிந்ததும் சால்வையும் நினைவுப் பரிசும். கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடிக்க அவருக்கு ஓர் ஐந்து நிமிடம் கிடைக்கும்.

மனஸ்தாபத்துக்கான வழி இதுதான். 38 பேரின் வீடியோக்களையும் வெட்டாமல், பெயரோடு, ஒரு பென் டிரைவில் போட்டு ஆசிரியையிடம் கொடுத்துவிடுங்கள். "மேடையில் சுருக்கம், டீச்சர் கையில் முழுசு" என்று குழுவில் முன்னதாகவே ஒரு செய்தி போட்டுவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். அந்த பென் டிரைவை ஒரு டிவியில் செருகி ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய டிவிகள் சிலவற்றுக்கு எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்தது படிக்காது. ஃபேட்32 என்றால் பெரும்பாலும் படிக்கும், ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாமல் இருந்தால் போதும்.