முதல் தடவையிலேயே முழுப் பட்டியலைக் கேளுங்கள்

“மேடம், பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறோம். 66 வயது அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. என் கம்பெனி குரூப் பாலிசியில் அம்மா பெயர் இருக்கிறது. நாங்கள் கட்டாமல் இன்ஷூரன்ஸே நேராக ஆஸ்பத்திரிக்குக் கட்டும் கேஷ்லெஸ் கேட்டு அனுப்பினால், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக க்ளெய்மைப் பார்க்கும் டிபிஏ-காரர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள். பதில் கொடுத்தால் இன்னொன்று. நாலு ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் ‘பணம் கட்டிட்டு அப்புறம் க்ளெய்ம் பண்ணிக்கோங்க’ என்கிறார்கள். வேண்டியதை எல்லாம் ஒரே தடவையில் கேளுங்கள் என்று புகார் எழுத முடியுமா? யாருக்கு, எப்படி எழுதுவது?”

எழுதலாம். உங்களுக்கு அன்று ராத்திரியே இரண்டு வரியில் பதில் போட்டேன். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் நீங்கள் அனுப்பிய நாலு ஸ்க்ரீன்ஷாட்டையும் நேர வரிசையில் வைத்துப் பார்த்தேன். செவ்வாய் காலை 9.40-க்கு ஆஸ்பத்திரி கோரிக்கை அனுப்பியிருக்கிறது. 10.25-க்கு முதல் க்வெரி: எங்கே, எப்படி விழுந்தார்? பதில் போனது 1.10-க்கு. 2 மணிக்கு இரண்டாவது: எக்ஸ்ரே ரிப்போர்ட் எங்கே? பதில் 4.45-க்கு. 5.35-க்கு மூன்றாவது: விபத்து என்று போலீஸுக்குத் தெரிவிக்கும் எம்எல்சி பதிவு போட்டீர்களா, போடவில்லை என்றால் ஏன்? அதற்குப் பதில் மறுநாள் காலை 10.30-க்குத்தான் போயிருக்கிறது. புதன் 11.20-க்கு நாலாவது: பிரஷர் எத்தனை வருஷமாக, முதல் மருந்துச்சீட்டு எங்கே?

மொத்தம் 25 மணி 40 நிமிடம். இதில் டிபிஏ எடுத்துக்கொண்டது மூணே கால் மணி நேரம். மீதி 22 மணி 25 நிமிடமும் ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் தூங்கியிருக்கிறது. நீங்கள் டிபிஏ மேல் மட்டும் கோபப்பட்டு மெயில் போட்டால், “எல்லாக் க்வெரியும் ஒரு மணி நேரத்துக்குள் அனுப்பிவிட்டோம், தாமதம் ஆஸ்பத்திரியுடையது” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதுவும் பொய்யில்லை. அதனால்தான் முதலில் இந்தக் கணக்கைப் போடச் சொல்கிறேன்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. அந்த நாலு கேள்வியையும் 10.25-க்கே சேர்த்துக் கேட்டிருந்தால், ஆஸ்பத்திரி அதே வேகத்தில் ஆமையாக நகர்ந்திருந்தாலும் 1.10-க்குப் பதில் போயிருக்கும்; 2.10-க்குள் முடிவு தெரிந்திருக்கும். எலும்பு முறிவு என்று வந்தால் எப்படி விழுந்தார், எக்ஸ்ரே, எம்எல்சி மூன்றும் தேவை என்பது டிபிஏ-வில் ஃபைல் பார்க்கும் மேசையில் உட்கார்ந்த முதல் வாரமே தெரிந்துவிடும். மூணாவது கேள்வி மூணாவதாக வந்ததற்கு மருத்துவக் காரணம் எதுவுமே இல்லை.

பிறகு ஏன் இப்படி? நானே 9 வருஷம் ஒரு டிபிஏ-வில் அந்த மேசையில் இருந்தவள், சொல்கிறேன். ஃபைல் திறந்ததும் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். முதல் குறை கண்ணில் பட்டதும் க்வெரி பொத்தானை அழுத்தினால் ஃபைல் நம் வரிசையை விட்டுப் போய்விடும், கடிகாரம் நின்றுவிடும். முழுசாகப் படித்தால் பதினைந்து நிமிடம், முதல் குறையோடு நிறுத்தினால் மூணு நிமிடம். பதில் வரும்போது அது வேறு டாக்டரின் வரிசையில் விழும். அவர் ஆரம்பத்திலிருந்து படிப்பார். அவர் கண்ணில் வேறு குறை படும். ஷிஃப்ட் முடிவில் எத்தனை ஃபைல் தள்ளினாய் என்றுதான் கேட்பார்களே தவிர, எத்தனை நோயாளிக்கு விடை கிடைத்தது என்று யாரும் கேட்டதில்லை. நானும் அப்படித் தள்ளியிருக்கிறேன்.

இங்கேதான் உங்கள் பிடி இருக்கிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான ஐஆர்டிஏஐ 2024 மே 29-ல் வெளியிட்ட மருத்துவக் காப்பீட்டு மாஸ்டர் சர்க்குலர், கேஷ்லெஸ் கோரிக்கை வந்த ஒரு மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்கிறது. க்வெரி என்பது முடிவு அல்ல. கேள்வி கேட்டுக் கடிகாரத்தை நிறுத்திக்கொண்டே போனால் அந்த ஒரு மணி நேரத்துக்கு அர்த்தமே இல்லை என்பதுதான் உங்கள் வாதம். கேள்விகளை மொத்தமாகக் கேட்பதும் புதிதாக நீங்கள் கண்டுபிடித்த ஆசை இல்லை. ஆயுள் காப்பீட்டு க்ளெய்மில் கேள்விகளைத் துண்டு துண்டாகக் கேட்காமல், முடிந்தவரை ஒரே தடவையில் கேட்க வேண்டும் என்று 2002 விதிகளிலேயே எழுதியிருந்தது.

புகாரை டிபிஏ-வுக்கு எழுதாதீர்கள். டிபிஏ கூலிக்கு வேலை பார்க்கும் ஏஜென்சி. பொறுப்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியுடையது. கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரி முகவரி பாலிசியிலேயே இருக்கும். மெயில் அவருக்குப் போகட்டும். டிபிஏ, ஆஸ்பத்திரி டெஸ்க், உங்கள் எச்ஆர், கம்பெனிக்கு பாலிசி வாங்கிக் கொடுத்த புரோக்கர் ஆகியோருக்கு நகல் வையுங்கள். குரூப் பாலிசியில் புரோக்கரின் ஆள் போடும் ஒரு ஃபோன், உங்கள் பத்து மெயிலுக்குச் சமம். அடுத்த வருஷம் மொத்த பாலிசியையும் வேறு கம்பெனிக்குக் கொண்டுபோகக்கூடியவர் அவர்தான்.

மெயிலை ஆங்கிலத்தில் அனுப்புங்கள். விஷயம் இவ்வளவுதான் இருக்க வேண்டும்:

“பாலிசி எண், க்ளெய்ம் எண், நோயாளி பெயர், ஆஸ்பத்திரி இவை. கோரிக்கை செவ்வாய் 9.40-க்கு அனுப்பப்பட்டது. இதுவரை வந்த க்வெரிகளும் பதில் போன நேரமும் கீழே. முதல் மூன்றும் முதல் கோரிக்கையைப் பார்த்த உடனேயே கேட்டிருக்கக்கூடியவை. இந்த ஃபைலை ஒரே மருத்துவர் முழுமையாகப் படித்து, முடிவெடுக்க இன்னும் தேவைப்படுவதை எல்லாம் ஒரே பட்டியலாக இன்று மாலை 4 மணிக்குள் தாருங்கள். எதுவும் தேவையில்லை என்றால் அதையும் எழுதுங்கள். அதன் பிறகு புதிதாக ஏதாவது கேட்டால், எந்தப் பதிலிலிருந்து அந்தக் கேள்வி எழுந்தது என்று காரணம் சொல்லுங்கள். அறுவை சிகிச்சையின் அவசரம் பற்றி டாக்டரின் கடிதம் இணைப்பில்.”

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். இடுப்பெலும்பு முறிவில் முடிந்தால் 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் நல்லது என்பது எலும்பு டாக்டர்கள் எல்லாருக்கும் தெரியும். அதை லெட்டர்ஹெட்டில் இரண்டு வரியாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். திட்டல், மிரட்டல், ‘ட்விட்டரில் போடுவேன்’ எல்லாம் வேண்டாம். அந்த வரிகளைப் படித்ததும் மெயில் கஸ்டமர் கேர் பக்கம் தள்ளப்படும், டாக்டர் கண்ணுக்கே போகாது.

‘புதிதாகக் கேட்டால் காரணம் சொல்லுங்கள்’ என்று வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. இனிமேல் கேள்வியே கேட்கக்கூடாது என்று எழுதினால் அது நிற்காது. பதிலே புதுக் கேள்வியைப் பிறப்பிப்பதும் உண்டு. உங்கள் ஃபைலிலேயே பாருங்கள்: கோரிக்கைப் படிவத்தில் ‘பாத்ரூமில் வழுக்கி’ என்று இருக்கிறது, கேஸ் ஷீட்டில் ட்யூட்டி டாக்டர் ‘படியிலிருந்து விழுந்தார்’ என்று எழுதியிருக்கிறார். ராத்திரி அட்மிஷனில் யாரோ பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை எழுதியிருப்பார். இதைப் பார்த்தால் யாரும் கேட்கத்தான் செய்வார்கள். அவர்கள் கேட்கும் முன்பே, டாக்டரைக் கொண்டு ஒரு விளக்கக் குறிப்பு எழுத வைத்து அனுப்பிவிடுங்கள். கேஸ் ஷீட்டில் அடித்துத் திருத்தச் சொல்லாதீர்கள். அடித்தல் ஒன்றே இன்னொரு க்வெரிக்குப் போதும்.

இப்போது நாலாவது கேள்வி, பிரஷர். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் பதில் மற்றவர்கள் பதிலிலிருந்து வேறு. தனிநபர் பாலிசி என்றால் பழைய நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு (அதிகபட்சம் 36 மாதம்), அதனால் ‘எத்தனை வருஷமாக’ என்று கேட்பதில் நியாயம் இருக்கலாம். கம்பெனி குரூப் பாலிசிகளில் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே பழைய நோய்களுக்கும் கவர் உண்டு. எச்ஆர் கொடுத்த பாலிசிச் சுருக்கத்தில் பழைய நோய்க்கான காத்திருப்பு நீக்கப்பட்டது என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அம்மாவுக்குப் பிரஷர் இரண்டு மாதமா இருபது வருஷமா என்பது பணம் கொடுப்பதில் எதையும் மாற்றாது. அந்தப் பக்கத்தை இணைத்து, “இந்த விவரம் எந்த நிபந்தனைக்காகத் தேவை?” என்று திருப்பிக் கேளுங்கள். பெற்றோர் கவருக்கு மட்டும் தனியாகக் காத்திருப்பு வைத்த பாலிசிகளும் இருக்கின்றன. ஊழியருக்கான பக்கத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், பெற்றோர் என்று போட்ட பத்தியைத் தேடிப் படியுங்கள். பிரஷர் இருப்பதை மறைத்து மட்டும் எழுதாதீர்கள். எத்தனை வருஷம் என்று சரியாகத் தெரியாவிட்டால் ‘சுமார்’ என்று டாக்டர் எழுதட்டும். ‘பத்து வருஷம் போட்டுடுங்க சார், எல்லாரும் அப்படித்தான்’ என்று டெஸ்க்கில் சொல்வார்கள், விடாதீர்கள்.

டெஸ்க் என்றதும் ஞாபகம் வருகிறது. பெங்களூரு ஆஸ்பத்திரி லாபிகளில் ‘க்ளெய்ம் பாஸ் பண்ணித் தரோம், பத்து பர்சென்ட் கொடுங்க’ என்று தமிழிலேயே பேசிக்கொண்டு ஒருவர் வருவார். ஊர்க்காரர் மாதிரி நைச்சியமாகப் பேசுவார், ஆதார் நகலும் பாலிசி கார்டும் கேட்பார். அவரால் அந்த க்வெரி ஸ்க்ரீனைத் திறக்கக்கூட முடியாது. பல சமயம் அவர் செய்யும் ஒரே வேலை, ஒப்புதல் தானாக வந்ததும் தன் பங்கைக் கேட்பது. காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் ஆம்புட்ஸ்மன் வரை போனாலும் அங்கே வக்கீலோ ஏஜென்டோ ஆஜராக முடியாது, கட்டணமும் கிடையாது. பிறகு யாருக்கு எதற்குப் பத்து சதவீதம்?

‘கட்டிட்டு க்ளெய்ம் பண்ணிக்கோங்க’ என்பதும் டெஸ்க்கின் சௌகரியம்தான். ஆபரேஷனை நிறுத்தி வைக்க வேண்டாம், முன்பணம் கேட்டால் கட்டுங்கள். ஆனால் ரசீதில் ‘முன்பணம், கேஷ்லெஸ் ஒப்புதலுக்கு உட்பட்டது’ என்று எழுதி வாங்குங்கள். கோரிக்கையை வாபஸ் வாங்கும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால் இவ்வளவு பாடும் வீண்.

மாலைக்குள் பட்டியல் வராவிட்டால் bimabharosa.irdai.gov.in தளத்தில் புகாரைப் பதியுங்கள், அல்லது 155255-க்கு அழையுங்கள். இன்றே ஒப்புதல் வாங்கித் தரும் என்று நம்ப வேண்டாம். ஆனால் அந்தப் புகாரின் பதிவு எண்ணை அதே மெயில் தொடரில் போட்டதும் ஃபைல் மூத்த டாக்டரிடம் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு மாதம் ஆகியும் தீராவிட்டால் ஆம்புட்ஸ்மன்; கர்நாடகாவுக்கான அலுவலகம் ஜே.பி. நகரில்.

டிஸ்சார்ஜ் அன்று இதே கூத்து மறுபடி நடக்கும். இந்த முறை கேள்வி, உள்ளே வைத்த இம்ப்ளான்ட் பற்றி. ஆபரேஷன் முடிந்த அன்றே அதன் ஸ்டிக்கரும் இன்வாய்ஸும் ஃபைலில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று வார்டு சிஸ்டரிடம் கேட்டுவிடுங்கள். டிஸ்சார்ஜுக்கு அதே சர்க்குலர் மூன்று மணி நேரம் தருகிறது. அதைத் தாண்டி ஆஸ்பத்திரி கூடுதலாக வாங்கும் பணத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனியே தர வேண்டும். அதனால் இறுதி பில் டிபிஏ-வுக்குப் போன நேரத்தை டெஸ்க்கில் எழுதி வாங்குங்கள். ஒரு நாள் அறை வாடகை கூடினால் அதை பில்லில் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள்.