பளுக்கோட்டில் எந்த வெட்டுப்புள்ளியை எடுப்பது?

கேள்வி: BC547B-க்கு 12 வோல்ட் சப்ளை, கலெக்டரில் 1 கிலோ ஓம், சப்ளையிலிருந்து பேஸுக்கு நேராக 390 கிலோ ஓம் கொடுத்திருக்கிறேன். பளுக்கோடு எல்லா வளைவுகளையும் வெட்டுகிறது, எதை எடுப்பது? ஒரு புத்தகத்தில் இருந்த வளைவுகளில் பார்த்தால் கலெக்டர்-எமிட்டர் மின்னழுத்தம் 6.2 வோல்ட் வருகிறது. பிரெட்போர்டில் 3.6 தான் காட்டுகிறது. எங்கே தப்பு?

பதில்: கோட்டில் தப்பு இருக்க வாய்ப்பில்லை. பளுக்கோடு முழுக்க சப்ளையையும் கலெக்டர் மின்தடையையும் பொறுத்தது. டிரான்சிஸ்டருக்கு அதில் பங்கே இல்லை. மின்னோட்டமே ஓடாவிட்டால் 12 வோல்ட்டும் டிரான்சிஸ்டரின் குறுக்கே நிற்கும், அது கிடை அச்சில் ஒரு முனை. டிரான்சிஸ்டரின் குறுக்கே மின்னழுத்தமே இல்லை என்று வைத்தால் 12 மில்லி ஆம்பியர் ஓடும், அது செங்குத்து அச்சில் மறு முனை. இரண்டையும் ஸ்கேலால் சேர்த்தால் கோடு தயார்.

எந்த வளைவு என்பதை பேஸ் மின்னோட்டம் சொல்லும். பேஸ்-எமிட்டருக்கு 0.7 வோல்ட் போக மீதி 11.3 வோல்ட், அதை 390 கிலோ ஓமால் வகுத்தால் சுமார் 29 மைக்ரோ ஆம்பியர். அந்த எண்ணுக்கான வளைவு தாளில் இல்லையென்றால் 25-க்கும் 30-க்கும் இடையே, 30-ஐ ஒட்டி, கண்ணளவாக ஒன்று வரையுங்கள். அது கோட்டை வெட்டும் இடம்தான் இயங்குபுள்ளி.

சரி, 6.2 ஏன் 3.6 ஆனது? 6.2 வோல்ட் என்றால் கலெக்டரில் 5.8 மில்லி ஆம்பியர், அதாவது 200 மடங்கு பெருக்கம் உள்ள டிரான்சிஸ்டரின் வளைவுகள். BC547B-க்கு டேட்டாஷீட் 200 முதல் 450 வரை அனுமதிக்கிறது. உங்களிடம் 1 கிலோ ஓமில் 8.4 வோல்ட் விழுகிறது, 8.4 மில்லி ஆம்பியர், அதாவது பெருக்கம் ஏறக்குறைய 290. உங்கள் டிரான்சிஸ்டரின் 29 மைக்ரோ ஆம்பியர் வளைவு தாளில் இருப்பதை விட உயரத்தில் ஓடுகிறது. அதனால் புள்ளி அதே கோட்டின் மீதே மேலே ஏறி இடப்பக்கம் போயிருக்கிறது. மீட்டரை வைத்துக்கொண்டு டிரான்சிஸ்டரை விரலால் பிடித்துப் பாருங்கள். சூடு ஏற ஏற 3.6 இன்னும் இறங்கும்.

இப்படியே சிக்னல் கொடுத்தால் வெளியீடு மேலே 8 வோல்ட்டுக்கு மேல் போக இடம் உண்டு, கீழே 3.4 வோல்ட் இறங்கியதும் டிரான்சிஸ்டர் செறிவடைந்துவிடும். ஆசிலோஸ்கோப்பில் அலையின் அடிப்பக்கம் மட்டும் தட்டையாகத் தெரிந்தால் காரணம் இதுதான்.

390-க்குப் பதில் 560 கிலோ ஓம் போட்டால் பேஸில் 20 மைக்ரோ ஆம்பியர், புள்ளி 6 வோல்ட் பக்கம் வந்துவிடும். ஆனால் அது இந்த ஒரு டிரான்சிஸ்டருக்கு மட்டும். மாற்றினால் மறுபடியும் நகரும். நான் போட்டால் பேஸுக்கு இரு மின்தடைப் பகுப்பானும் எமிட்டரில் 220 ஓமும் போடுவேன். அப்போது கோட்டையும் திருத்த வேண்டும்: செங்குத்து அச்சு முனை 12 வோல்ட்டை 1.22 கிலோ ஓமால் வகுத்த 9.8 மில்லி ஆம்பியர். பலர் இதை மறந்து பழைய 12-லேயே கோடு போட்டுவிடுகிறார்கள்.