கேக் விற்ற 30 ஆயிரமும் வேலையை விடும் தேதியும்

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 32 வயது, ஊர் திருச்சி. தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் 4 வருஷம் 4 மாசமாக வேலை. அடிப்படைச் சம்பளம் 15,000, கையில் வருவது 27,500. ரெண்டரை வருஷமாக வீட்டில் கேக் செய்து விற்கிறேன். பெரும்பாலும் ஒரு கிலோ சாக்லேட் கேக், விலை 850. டிசம்பரிலிருந்துதான் விற்பனையை எழுதி வைக்கிறேன்: 46,000, 34,000, 27,000, 24,000, 22,000, 27,000. சராசரி 30,000 வருகிறது, சம்பளத்தைவிட அதிகம். கணவர் சம்பளம் 24,000. வீட்டுச் செலவு, தவணை எல்லாம் சேர்த்து 38,000. சேமிப்பு 1.4 லட்சம். வேலையை விட்டு, நகையை அடகு வைத்து 80,000 ரூபாய்க்குப் பெரிய ஓவன் வாங்கி முழுநேரமாக இறங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். குறைந்தது எட்டு மாதம் பொறுங்கள். ஓவனும் வேண்டாம், நகைக்கடனும் வேண்டாம்.

நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர். கம்பெனி விற்பனையை அப்படியே லாபம் என்று எழுதினால் உங்கள் ஆடிட்டர் விடுவாரா? சொந்தத் தொழில் என்று வந்ததும் நாம் எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். நானும் ஒரு காலத்தில் கல்யாணங்களுக்குப் போட்டோ எடுத்தேன். கைக்கு வந்த பணத்தையெல்லாம் வருமானம் என்று நினைத்து லென்ஸாக வாங்கித் தள்ளினேன். இரண்டு வருஷம் கழித்து உட்கார்ந்து கணக்குப் பார்த்தால், மிஞ்சியது லென்ஸ் மட்டும்தான்.

உங்கள் ஒரு கிலோ கேக்கைப் பிரித்துப் பார்ப்போம். மைதா, சர்க்கரை, முட்டை, எண்ணெய், கோகோ சுமார் 105 ரூபாய். விப்பிங் கிரீம் 85, சாக்லேட் 100, அடி அட்டையும் பெட்டியும் 60. ஆக 350. இதுவரை எல்லோரும் எழுதுவார்கள். விட்டுப்போவது அடுத்தது. கரன்ட் 15 ரூபாய் என்று வையுங்கள். வீட்டு மின்கட்டணம் யூனிட் ஏற ஏற விலை ஏறும் படிக்கட்டு. வீட்டுக்கு எப்படியும் ஆகும் யூனிட்டுக்கு மேலே போய் உட்காருவது ஓவன் இழுக்கும் யூனிட்தான், அதனால் அதை உயர்ந்த படி விலையில் போட வேண்டும். கணவர் வண்டியில் கொண்டுபோய்க் கொடுக்கும் பெட்ரோல் 25. இருபதில் ஒன்று உடையும், அமுங்கும், வெயிலில் கிரீம் இறங்கும், திரும்பச் செய்ய வேண்டி வரும். அதற்கு 20. ஓவன், பீட்டர் எல்லாம் 15,000 ரூபாய்ப் பொருள், மூன்று வருஷம் உழைக்கும் என்று வைத்தால் கேக்குக்கு 12. மொத்தம் 422. கையில் நிற்பது 428 ரூபாய்.

இது என் மதிப்பீடு. உங்கள் மளிகை பில்லை வைத்து நீங்களே ஒரு முறை போட்டுப் பாருங்கள், பத்து இருபது ரூபாய் இப்படி அப்படி ஆகலாம். 30,000 விற்பனை என்றால் 35 கேக். அதில் உங்களுக்கு மிஞ்சியது சுமார் 15,000. விற்பனை 22,000 ஆன ஏப்ரலில் 11,000தான்.

அந்த 30,000 சராசரியும் கொஞ்சம் ஏமாற்றுகிறது. கிறிஸ்துமஸும் புத்தாண்டும் தூக்கிவிட்ட டிசம்பரைக் கழித்துவிட்டால் மற்ற ஐந்து மாதச் சராசரி 26,800. ஆடி, புரட்டாசி இரண்டும் இன்னும் உங்கள் நோட்டில் ஏறவே இல்லை. ஆடியில் வீட்டு விசேஷங்கள் குறையும். புரட்டாசியில் நிறையப் பேர் முட்டை இல்லாத கேக் கேட்பார்கள். அதை நீங்கள் நன்றாகச் செய்வீர்களா, அதன் அடக்கவிலை என்ன என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். பன்னிரண்டு மாதக் கணக்கு இல்லாமல் எடுக்கும் முடிவு அரைகுறை முடிவு.

இனி சம்பளப் பக்கம். 27,500 மட்டும்தான் உங்கள் சம்பளம் என்று நினைக்காதீர்கள். பி.எஃப்.பில் உங்கள் பங்கு 1,800, கம்பெனி பங்கு 1,800. கம்பெனி தரும் மருத்துவக் காப்பீட்டை நீங்களே வெளியில் எடுத்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 15,000 என்று வைத்தாலும் மாதம் 1,250. ஆக, வேலையை விட்டால் நீங்கள் ஈடுகட்ட வேண்டிய தொகை 32,000க்கு மேல். 850 ரூபாய் விலையில் அதற்கு மாதம் 75 கேக் வேண்டும். இன்று வேலையும் கேக்கும் சேர்ந்து தரும் 47,000ஐ அப்படியே காப்பாற்ற வேண்டும் என்றால் 110 கேக். போன் பேச்சு, ஸ்பாஞ்ச், கிரீம், அலங்காரம், பாத்திரம் கழுவுவது எல்லாம் சேர்த்து ஒரு கேக்குக்கு மூன்று மணி நேரம் என்றால் 110 கேக்குக்கு மாதம் 330 மணி நேரம். ஒரு ஆள் செய்கிற வேலை இல்லை.

அதே மூன்று மணி நேரக் கணக்கில் கேக் உங்களுக்கு மணிக்கு 143 ரூபாய் தருகிறது. மாதம் 22 நாள், போய்வரும் நேரமும் சேர்த்துத் தினம் ஒன்பதரை மணி நேரம் என்று வைத்தால் ஆபீஸ் 154 தருகிறது. பெரிய இடைவெளி இல்லை, சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் உங்கள் விலை குறைவு என்பதையும் அதே எண் சொல்கிறது. விலையை 950 ஆக்குங்கள். மிஞ்சுவது 528 ஆகும், 75 கேக் தேவைப்பட்ட இடத்தில் 61 போதும், நேரமும் மாதம் 183 மணிக்குள் அடங்கும். சில வாடிக்கையாளர்கள் போவார்கள். முதலில் போவது சொந்தக்காரர்களும் ஆபீஸ் தோழிகளும்தான். "நமக்குள்ள என்ன விலை" என்று கேட்பவர்களை வைத்து முழுநேரத் தொழில் நடத்த முடியாது. போனவர்கள் யார், நின்றவர்கள் யார் என்று பாருங்கள். முகம் தெரியாதவர் 950 கொடுத்து இரண்டாவது முறை வந்தால் அதுதான் சந்தை.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருகிறேன். வேலையை விட்டால் உங்களுக்குக் கிடைப்பது திங்கள் முதல் வெள்ளி வரை உள்ள பகல் நேரம். ஆனால் பிறந்தநாள் கேக் கேட்பவர்கள் பெரும்பாலும் கேட்பது சனி, ஞாயிறு மாலைக்கு. அந்த நாட்களில் நீங்கள் இன்றைக்கே முழு மூச்சாகத்தான் வேலை செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் வேலையை விட்ட பிறகும் சனிக்கிழமை சனிக்கிழமையாகவே நெருக்கும், செவ்வாய்க்கிழமை அடுப்படி காலியாக இருக்கும்.

இதை ஊகத்தில் விடாதீர்கள். நாளையிலிருந்து ஒரு நோட்டு போடுங்கள், முடியாது என்று சொன்ன ஆர்டர்களுக்காக மட்டும். எந்தத் தேதிக்குக் கேட்டார்கள், என்ன கிழமை, என்ன கேக், ஏன் மறுத்தீர்கள் என்று எழுதுங்கள். மூன்று மாதம் போதும். இன்று 35 செய்கிறீர்கள், தேவை 61. அதாவது மாதம் 26 ஆர்டர் கூட வேண்டும். "ஆபீஸ் இருந்ததால் முடியவில்லை" என்ற காரணத்தோடு வார நாட்களில் மாதம் 26 ஆர்டர் அந்த நோட்டில் விழுந்தால், உங்களைத் தடுப்பது வேலைதான், விடுவதில் அர்த்தம் உண்டு. நோட்டு முழுக்கச் சனி, ஞாயிறு என்றால் வேலையை விட்டு ஒரு பயனும் இல்லை. அப்போது வார நாட்களில் போகிற சரக்கு தேட வேண்டும். டீ கேக், பிரவுனி மாதிரி கிரீம் இல்லாத, இரண்டு மூன்று நாள் தாங்கும் பொருட்களைக் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் போட்டுப் பாருங்கள். ஆனால் கடைக்குப் போடும்போது லாபம் குறையும், விற்காதது திரும்பி வரும், பணம் பதினைந்து நாள் கழித்து வரும். அதற்குத் தனியாக அடக்கவிலை போடுங்கள்.

பெரிய ஓவன் வேண்டாம் என்றதும் இதனால்தான். ஸ்பாஞ்சை வியாழன், வெள்ளி இரவே சுட்டு, ஆறியதும் உறையிட்டு வைத்துவிடலாம். சனிக்கிழமை நெருக்கடி பெரும்பாலும் சுடுவதில் இருக்காது, கிரீம் பூசிய ஐந்து கேக்கைக் குளிராக எங்கே வைப்பது என்பதில்தான் இருக்கும். உங்கள் வீட்டிலும் அப்படித்தானா என்று பாருங்கள். ஆம் என்றால் பழைய சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ் ஒன்று அந்த 80,000 ரூபாய் ஓவன் செய்யாததைச் செய்யும். அதைக் கேக் லாபத்திலிருந்தே வாங்கலாம்.

எட்டு மாதம் என்று நான் சொன்னதற்குக் காரணம் கிராஜுவிட்டி. நிரந்தர வேலையில் இருப்பவருக்குத் தொடர்ந்து ஐந்து ஆண்டு முடிந்தால்தான் அது உரிமை. 15,000 அடிப்படைச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15 நாள் கூலியாக்கி, ஐந்து வருஷத்துக்குப் பெருக்கினால் சுமார் 43,000 ரூபாய். இன்று ராஜினாமா கொடுத்தால் இந்தப் பணம் போகும். எட்டு மாதம் இருந்தால் ஆடி, புரட்டாசி, அடுத்த டிசம்பர் எல்லாவற்றையும் நோட்டில் பார்த்துவிடுவீர்கள்.

இந்த எட்டு மாதத்தில் செய்ய வேண்டியவை மூன்று. உணவுப் பாதுகாப்புப் பதிவு இல்லையென்றால் foscos.fssai.gov.in தளத்தில் அடிப்படைப் பதிவு எடுங்கள், கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். அந்த 14 இலக்க எண் இல்லாமல் எந்தக் கடையிலும் உங்கள் டீ கேக்கை வைக்கச் சொல்லிக் கேட்க முடியாது. இரண்டாவது, சொந்த மருத்துவக் காப்பீட்டை வேலையில் இருக்கும்போதே எடுங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டு வரை போகலாம். அந்தக் கடிகாரம் கம்பெனி காப்பீடு இருக்கும்போதே ஓடத் தொடங்கட்டும். மூன்றாவது, கேக் வருமானத்தை வருமான வரிக் கணக்கில் காட்டுங்கள். தொழில் வருமானம் இருப்பதால் ஐடிஆர்-1 பொருந்தாது, விற்பனையில் ஒரு பங்கை லாபம் என்று எடுத்துக்கொள்ளும் உத்தேச முறையில் ஐடிஆர்-4. புதிய வரிமுறையில் உங்கள் இரண்டு வருமானமும் சேர்ந்தாலும் வரி வராது. சம்பளச் சீட்டு இல்லாத ஒருவர் கடன் கேட்கும்போது வங்கி இரண்டு மூன்று வருஷத்துக் கணக்குத் தாக்கலைத்தான் கேட்கும், அதற்கு இது உதவும்.

பிறகு எப்போது விடலாம்? கணவர் சம்பளம் போக வீட்டுக்கு மாதம் 14,000 குறைகிறது. உங்கள் மோசமான மாதமே அந்த 14,000ஐத் தாண்ட வேண்டும், 950 விலையில் அது 27 கேக். அதோடு காப்பீட்டு பிரீமியம் போனபின் ஆறு மாத வீட்டுச் செலவு, அதாவது 2.3 லட்சம், தொழில் பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். கையில் 1.4 லட்சம் இருக்கிறது, கிராஜுவிட்டி 43,000 வரும், மீதி 47,000. மாதம் 6,000 ஒதுக்கினால் எட்டு மாதத்தில் வந்துவிடும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. உங்களுக்குக் கைவந்த தொழில் கணக்கு எழுதுவது. திருச்சியில் மாதம் இருபது மணி நேரம் வந்து கணக்கு எழுதித் தர ஆள் கிடைக்குமா என்று தேடும் சின்னக் கடைகள் நிறைய. எட்டு மாதம் கழித்து நோட்டு பாதி சாதகமாக, பாதி பாதகமாக வந்தால், ஆபீஸை விட்டு அப்படி இரண்டு கடைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெள்ளி, சனி, ஞாயிறு கேக்குக்கு, மீதி நாள் கணக்குக்கு.